சதுரம் தோற்கும் இடம்

கையில் 120 மீட்டர் கம்பி வேலி இருக்கிறது. நிலத்தின் ஒரு பக்கம் ஏற்கெனவே நீளமான மதில் நிற்பதால் அங்கே வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கமும் அடைத்துச் செவ்வகமாக ஒரு தோட்டம் போட வேண்டும். எந்த அளவில் அடைத்தால் இடம் அதிகம் கிடைக்கும்?

சதுரம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான்கு பக்கமும் வேலி போடுவதானால் அது சரியான பதில். இங்கே பக்கத்துக்கு 40 மீட்டராகச் சதுரம் அடைத்தால் 1,600 சதுர மீட்டர் கிடைக்கும். ஆனால் இதே கம்பியில் இன்னும் ஏறக்குறைய 5 சென்ட் நிலத்தைச் சேர்த்து வளைக்க முடியும்.

மதிலைத் தொட்டு நிற்கும் இரண்டு பக்கங்களும் தலா x மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு 2x போனால், மதிலுக்கு எதிர்ப்பக்கத்துக்கு மிஞ்சுவது 120 − 2x. ஆகவே பரப்பு:

A = x(120 − 2x) = 120x − 2x²

x சற்றே கூடும்போது பரப்பு எந்த வீதத்தில் மாறுகிறது என்பதைச் சொல்வது வகைக்கெழு. இங்கே அது:

A′ = 120 − 4x

x = 10 என்றால் A′ = 80. அதாவது, பக்கத்தை ஒரு மீட்டர் நீட்டினால் சுமார் 80 சதுர மீட்டர் லாபம். x = 40 என்றால் A′ = −40; சதுரத்தை அடைந்தபோது லாபம் போய் நஷ்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். லாபம் நின்று நஷ்டம் தொடங்கும் புள்ளியில் A′ பூஜ்யம். 120 − 4x = 0 என்றால் x = 30. எதிர்ப்பக்கம் 60 மீட்டர், பரப்பு 1,800 சதுர மீட்டர். சந்தேகம் இருந்தால் x-க்கு 29, 31 என்று போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 1,798தான் வரும். லைப்னிட்ஸ் 1684-இல் நுண்கணிதத்தைப் பற்றி வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பிலேயே பெருமமும் சிறுமமும் இடம்பெற்றிருந்தன.

சதுரம் ஏன் தோற்றது? இரண்டு பக்கங்களையும் ஒரு மீட்டர் நீட்டினால், எதிர்ப்பக்கத்தில் இரண்டு மீட்டர் குறைந்துவிடுகிறது. நீட்டியதால் வருவது எதிர்ப்பக்கத்தின் நீளமளவுக்கு ஒரு பட்டை நிலம். குறைந்ததால் போவது x நீளத்தில் இரண்டு பட்டைகள். வரவும் செலவும் சமமாக வேண்டுமானால் எதிர்ப்பக்கம் 2x ஆக இருக்க வேண்டும். கம்பி எத்தனை மீட்டராக இருந்தாலும் இதே விகிதம்தான்: பாதி எதிர்ப்பக்கத்துக்கு, மீதிப் பாதி மற்ற இரண்டுக்கும்.

இதில் வழக்கமாகத் தவறுவது ஓரிடம்தான். மதில் 60 மீட்டராவது இருந்தால்தான் இந்த விடை செல்லும். மதில் 50 மீட்டர்தான் என்றால், எதிர்ப்பக்கமும் 50-ஐத் தாண்ட முடியாது. X குறைந்தது 35 ஆகிவிடும். அங்கே A′ = −20. அதற்கு மேல் x கூடக்கூடப் பரப்பு சுருங்கத்தான் செய்யும். ஆகவே A′ பூஜ்யமாகாத அந்த எல்லையே சிறந்த விடை: 35-க்கு 50, பரப்பு 1,750 சதுர மீட்டர். வகைக்கெழுவைத் தொடுமுன் மதிலை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.