சந்தில் தொங்கும் கேபிள்

சின்ன அலுவலகம், பெரிய வலை – 9

டெல்லி முனிர்கா கிராமத்துச் சந்துகளில் சில இடங்களில் பால்கனியில் நின்று கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கம்பியைத் தொட்டுவிடலாம். அப்படி ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், ஆறு பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம். உரிமையாளர் கும்பகோணத்துக்காரர். வருகிற கட்சிக்காரர்களுக்கு வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார். படியேறும்போதே என் கண் வேறொன்றில் நின்றுவிட்டது. வாசலுக்கு மேலே ஒரு கேமரா. அதன் வாலும் உள்ளேயிருந்து வரும் கேபிளும் மாடிப்படித் திருப்பத்தில், யார் கைக்கும் எட்டும் உயரத்தில், சும்மா செருகப்பட்டுத் தொங்கின.

அவரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கேபிளைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். சில நொடிகளில் ஐபி முகவரி வந்தது. பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறந்தது. பிறகு பகிர்ந்து வைத்த ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஒன்றின் பெயர் `ITR_2024-25`.

“திருடனைப் பிடிக்கத்தானே சார் இதை மாட்டினோம்” என்றார். குரல் இறங்கிவிட்டது.

கட்சிக்காரர்களுக்கென்று தனியாக வைஃபை இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். முன்பு யாரோ இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, பழைய ரவுட்டருக்குப் பின்னால் செருகி, ‘கெஸ்ட்’ என்று பெயர் வைத்துப் போயிருந்தார். இது நான் பல இடங்களில் பார்க்கும் தவறு. பின்னால் இருக்கும் ரவுட்டர் தன்னிடம் வருவதையெல்லாம் முன்னால் இருக்கும் வலை வழியாகத்தான் இணையத்துக்கு அனுப்புகிறது. ஆகவே உள்ளே இருப்பவர் வெளியே இருப்பதைத் தொடலாம். வெளியே இருப்பவர்தான் உள்ளே போக முடியாது. விருந்தாளியை உள்ளறையில் உட்கார வைத்து, அலுவலகத்தைத் திண்ணையில் வைத்த கதை. என் ஃபோனை அந்த ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்த்தேன். பிரிண்டர் அங்கேயும் திறந்தது.

ஒரே கேபிளில், ஒரே சுவிட்சில், ஒன்றையொன்று பார்க்காத மூன்று வலைகளை ஓட்டலாம். அதற்கு விஎல்ஏஎன் என்று பெயர். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் நான்கு பைட்டில் ஒரு சீட்டு ஒட்டி, இது எந்த வலையைச் சேர்ந்தது என்று எண் போடுவார்கள். எண் எதுவாக இருந்தாலும் சரி. ஐபி முகவரியிலும் அதே எண் வரும்படி வைத்தால் பின்னால் குழம்பாது. அலுவலகக் கணினிகளும் பிரிண்டரும் 10, அதாவது `192.168.10.x`. விருந்தினர் 20. கேமராக்கள், பதிவுப் பெட்டியான என்விஆர், கைரேகை வருகைப் பதிவு, ஸ்மார்ட் டிவி எல்லாம் 30. இதற்குப் புதிதாக வாங்கியது இரண்டே பொருள்: விஎல்ஏஎன் தெரிந்த எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று, ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டர் ஒன்று.

வலைகளைப் பிரித்தால் மட்டும் போதாது. மூன்றும் ரவுட்டரில் வந்து சேர்கின்றன; யார் யாரிடம் பேசலாம் என்று அங்கேதான் சொல்ல வேண்டும். கேமரா வலைக்கு நான் எழுதியது இது:

```
config zone
	option name 'cam'
	list network 'cam'
	option input 'REJECT'
	option output 'ACCEPT'
	option forward 'REJECT'

config forwarding
	option src 'lan'
	option dest 'cam'

config rule
	option name 'cam-ntp'
	option src 'cam'
	option proto 'udp'
	option dest_port '123'
	option target 'ACCEPT'
```

நடுவில் இருக்கும் பகுதிதான் உயிர். அலுவலகத்திலிருந்து கேமரா பக்கம் போகலாம். எதிர்த்திசையில் அப்படி ஒரு வரி கிடையாது. அலுவலகக் கணினி என்விஆரைக் கேட்டால் பதில் வரும். கேமரா தானாக ஆரம்பித்து அலுவலகத்தைத் தொட முடியாது. `input 'REJECT'` என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் கேமரா கேபிளில் செருகியவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையே திறந்து, நாம் போட்ட கதவுகளைக் கழற்றிவிடலாம்.

விருந்தினர் வலைக்கும் அதே `REJECT` போட்டு, இணையத்துக்கு மட்டும் வழி விட்டேன். ஃபோன் “ஐபி முகவரி பெறுகிறது” என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றது. முகவரி கேட்கும் கோரிக்கையும் ரவுட்டருக்குத்தான் வருகிறது, அதையும் சேர்த்து அடைத்துவிட்டோம் என்பதற்கு இதுதான் அடையாளம். முகவரிக்கு 67, பெயர் தேடலுக்கு 53 என்று இரண்டு போர்ட்டைத் திறந்ததும் சரியாயிற்று. கேமராக்களுக்கு நிலையான முகவரி கொடுத்திருந்ததால் அங்கே இந்தத் தேவை எழவில்லை.

சுவிட்சில் ஒரு கேமரா மட்டும் சண்டித்தனம் செய்தது. விளக்கு மினுக்குகிறது, என்விஆரில் படம் இல்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு அமைப்பு உண்டு. எந்த வலையின் பொட்டலம் இந்த வழியாக வெளியே போகும் என்பது ஒன்று. வெளியிலிருந்து சீட்டில்லாமல் வருவதை எந்த வலையில் சேர்ப்பது என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பெயர் பிவிஐடி. ஏழாவது போர்ட்டில் முதல் அமைப்பை 30 ஆக்கிவிட்டு, பிவிஐடியை 1 என்று அப்படியே விட்டிருந்தேன். கேள்வி கேமராவுக்குப் போயிற்று. பதில் வேறு வலைக்குள் விழுந்தது. விளக்கு எரிந்தும் சாதனம் பேசாவிட்டால் நான் முதலில் பார்ப்பது இப்போது இதைத்தான்.

பிறகு படிக்கட்டுக்குப் போய் அதே கேபிளில் மறுபடி லேப்டாப்பைச் செருகினேன். முகவரி தானாக வரவில்லை. `192.168.30.50` என்று நானே கொடுத்து அலுவலகத்தைத் தேடினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் கணினிக்கு `ping` அனுப்பிப் பதில் வராததை வைத்து வலை பிரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வேறு வலையிலிருந்து வரும் பிங்குக்கு விண்டோஸின் தீயரண் பெரும்பாலும் பதில் தராது. கதவு திறந்தே கிடந்தாலும் மௌனமாக இருக்கும். பிரிண்டர் அப்படியில்லை, யார் கேட்டாலும் பதில் சொல்லும். ஆகவே பிரிண்டரின் முகவரியை உலாவியில் தட்டிப் பாருங்கள். இந்த முறை திறக்கவில்லை. `192.168.10.1` என்று ரவுட்டரைத் தேடியதற்கும் பதிலில்லை.

ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. கரண்ட் போய் வந்த பிறகு ஒரு கேமராவின் படத்தில் 1970 என்று தேதி ஓடுகிறதாம். அது மட்டும் வேறு கம்பெனிக் கேமரா. இணையத்தில் கேட்டுத்தான் அதுவரை நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். தேதி தவறான காட்சியைக் காவல் நிலையத்தில் கொடுத்து என்ன பயன்? மேலே உள்ள 123 இதற்காகச் சேர்த்த வரி. ரவுட்டரையே நேரம் சொல்ல வைத்து, கேமராவில் நேரச் சேவையகமாக `192.168.30.1` என்று கொடுத்தேன்.

அவருக்கு வீட்டிலிருந்து ஃபோனில் கேமரா பார்க்க வேண்டும். அதனால் என்விஆருக்கு மட்டும், அதன் முகவரியைக் குறிப்பிட்டு, இணையத்துக்கு ஒரு வழி விட்டோம். கேமராக்களுக்கு இல்லை. அந்த ஒரு வழிக்கும் விலை உண்டு. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போனது தெரியவந்தது. வலையைப் பிரிப்பது ஆடிட்டரின் கோப்புகளைக் காக்கும். என்விஆரின் கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் காட்சிகளைக் காக்காது. அதனால் கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை அவர் கையாலேயே மாற்ற வைத்தேன். ரவுட்டர் தானாக வெளிக்கதவு திறக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைத்தேன்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. படிக்கட்டுக் கேபிளில் செருகுபவர் அப்போதும் 30-க்குள் இருக்கும் மற்றக் கேமராக்களைத் தொட முடிந்தது. ஒரே விஎல்ஏஎன்னுக்குள் பேசிக்கொள்வது ரவுட்டர் வரைக்கும் வருவதில்லை, சுவிட்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சுவிட்சில் ‘போர்ட் ஐசொலேஷன்’ இருந்ததால் ஒவ்வொரு கேமரா போர்ட்டும் என்விஆரோடும் ரவுட்டரோடும் மட்டும் பேசும்படி வைத்தேன். என்விஆர் தொடக்கூடியதாகத்தான் இருக்கிறது. அந்த இணைப்பைச் சுவருக்குள் தள்ளி, மேலே பெட்டி வைத்துத் திருகாணி போட எலெக்ட்ரீஷியன் மறுநாள் வந்தார்.

(தொடரும்)