மாலை நேரப் படிப்புக்கு என்ஓசி: கம்பெனியிடம் உண்மையில் கேட்க வேண்டியது என்ன?

டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போய், இரண்டு மூன்று வருடம் கழித்து பகுதி நேர பி.இ. சேரலாம் என்று நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் நுழைவுத் தகுதியோ கட்டணமோ இல்லை. விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்லும் ஒரு காகிதம்தான். அரசாங்கத் தமிழில் தடையின்மைச் சான்று. எல்லோர் வாயிலும் என்ஓசி.

நான் இங்கே பேசுவது கோவைப் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி. ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி, மெஷின் ஷாப் என்று வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் கல்லூரிக்குப் போகும் பழக்கம் இந்த ஊரில் பல காலமாக உண்டு. பகுதி நேர பி.இ. வழக்கமாக ஏழு செமஸ்டர், அதாவது மூன்றரை வருடம். அத்தனை நாளும் ஒரு மனிதன் சாயங்காலம் வகுப்பில் உட்கார வேண்டும். என்ஓசி கேட்பதின் உள்ளே இருக்கிற விஷயம் இதுதான்.

கல்லூரிக்கு அந்தக் காகிதம் எதற்கு? மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள. இவர் நிஜமாகவே இப்போது வேலையில் இருக்கிறாரா, எங்கே வேலை பார்க்கிறார், இவர் படிக்க வருவதில் முதலாளிக்கு ஆட்சேபணை உண்டா. முதல் இரண்டையும் அனுபவச் சான்றிலேயே காட்டிவிடலாம். மூன்றாவதற்குத்தான் என்ஓசி. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "இவர் எங்களிடம் இத்தனை வருடமாகப் பணிபுரிகிறார்" என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். அது அனுபவச் சான்றுதான். ஆட்சேபணை இல்லை என்ற வாக்கியமே அதில் இருக்காது.

அரசு ஊழியர் கதை வேறு. அங்கே நடத்தை விதிகள் இருக்கின்றன, துறைத் தலைமையிடம் முன் அனுமதி என்ற நடைமுறை இருக்கிறது, கோப்பு நகரும். தனியார் கம்பெனியில் அப்படி ஒன்றும் கிடையாது. என்ஓசி தருவது அவர்கள் விருப்பம். அதனால் கேட்கிற விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

சரி, "சார், ஈவினிங் காலேஜ் சேரப் போறேன், ஒரு என்ஓசி வேணும்" என்று போய் நின்றால் மேனேஜர் காதில் என்ன விழும்? இவன் இனிமேல் ஓவர்டைமுக்கு நிற்க மாட்டான். செகண்ட் ஷிஃப்ட் போட்டால் முகம் சுளிப்பான். பரீட்சை சமயத்தில் லீவு கேட்பான். டிகிரி வாங்கியதும் இன்ஜினியர் போஸ்ட் கேட்பான், தராவிட்டால் ஓடிவிடுவான். இதில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "பார்க்கலாம்ப்பா" என்பார். அந்தப் 'பார்க்கலாம்' விண்ணப்பக் கடைசி தேதி வரைக்கும் இழுக்கும்.

இதில் ஷிஃப்ட் பற்றிய பயம்தான் நிஜமானது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு ஆலை. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. வாரத்துக்கு ஒன்றாக மாறும். வகுப்பு வாரம் ஐந்து நாள், மாலை 6.15 முதல் 9.15 வரை என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்றால் மொத்தம் 75 மாலைகள். முதல் ஷிஃப்டில் பிரச்சினை இல்லை, இரண்டு மணிக்கே வெளியே வந்துவிடலாம். நைட் ஷிஃப்டிலும் வகுப்பு முடித்துவிட்டு ஆலைக்குப் போய்விடலாம், கல்லூரியும் ஆலையும் முக்கால் மணி நேரத் தூரத்துக்குள் இருந்தால். செகண்ட் ஷிஃப்ட் வாரம் மட்டும் வகுப்பு மொத்தமும் போச்சு.

பதினைந்து வாரத்தில் செகண்ட் ஷிஃப்ட் ஐந்து வாரம் வரும். 25 மாலைகள் காலி. மிச்சம் 50. சதவீதத்தில் 67-க்குக் கொஞ்சம் குறைவு. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்றால் 57 மாலைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு மாலைகள் குறைகிறது. அதாவது, கையில் என்ஓசி இருக்கிறது, அட்மிஷன் கிடைத்துவிட்டது, ஒரு நாள்கூடச் சோம்பேறித்தனமாக வகுப்பைத் தவறவிடவில்லை. ஆனாலும் வருகை போதாது என்று பரீட்சை எழுத முடியாமல் போகலாம். முதல் செமஸ்டரிலேயே படிப்பை விட்டவர்களிடம் விசாரித்தால் பலருக்கும் இந்தக் கதைதான் இருக்கும். கணக்கு கஷ்டம் என்று சொல்லிக்கொள்வார்கள், அது வேறு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சேதி கிடைக்கிறது. எல்லா செகண்ட் ஷிஃப்டிலிருந்தும் விலக்கு வேண்டும் என்று கேட்கத் தேவையே இல்லை. ஐந்தில் இரண்டு வாரத்தை மாற்றிக்கொடுத்தாலே 60 மாலைகள், 80 சதவீதம். ஆனால் காய்ச்சல், கல்யாணம், காரியம் எல்லாம் வரும். மூன்று மாலைதான் கையிருப்பு என்பது போதாது. மூன்று வாரம் மாற்றினால் 65 மாலைகள், ஏறக்குறைய 87 சதவீதம். எட்டு மாலைகள் கையிருப்பு. ஆக, செமஸ்டருக்கு மூன்று வாரம் ஷிஃப்ட் மாற்றம், அவ்வளவுதான் உங்கள் கோரிக்கை. "எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டே போடாதீங்க" என்பதற்கும் இதற்கும் மேனேஜர் பார்வையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பதும் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. நைட் ஷிஃப்ட் பிடிக்காதவர்கள் எல்லா ஆலையிலும் இருக்கிறார்கள். அவர் நைட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு உங்கள் செகண்ட் ஷிஃப்ட்டை அவருக்குக் கொடுத்தால் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். விலை என்னவென்றால், அந்தச் சுற்றில் உங்களுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து நைட் வரும். உடம்பு தாங்குமா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மாற்றம் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் கையெழுத்தோடு பதிவேட்டில் ஏறணும். பதிவில் இல்லாத ஷிஃப்டில் நிற்கும்போது விபத்து ஏதாவது நடந்தால் உங்களுக்கும் தொல்லை, அவருக்கும் தொல்லை.

அதனால் வரிசை இப்படி இருப்பது நல்லது. முதலில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள இரண்டு பேரிடம் பேசி வைப்பது. பிறகு உங்கள் சூப்பர்வைசர். அவர் "சரிப்பா, சமாளிச்சுக்கலாம்" என்ற பிறகுதான் ஹெச்.ஆர். நேராக ஹெச்.ஆரிடம் கடிதம் கொடுத்தால், அவர்கள் எப்படியும் சூப்பர்வைசரைத்தான் கேட்பார்கள். தன்னைத் தாண்டிப் போனான் என்ற கோபத்திலேயே அவர் வேண்டாம் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். அறிவிப்புக்கும் கடைசி தேதிக்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள் கையெழுத்து வாங்கவே சரியாக இருக்கும்.

கடிதம் பெரும்பாலான கம்பெனிகளில் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் நமது மெஷின் ஷாப் பிரிவில் ____ முதல் பணிபுரிந்து வருகிறேன். ____ கல்லூரியில் பகுதி நேர பி.இ. இயந்திரவியல் படிப்புக்கு இவ்வாண்டு விண்ணப்பிக்க விரும்புகிறேன். வகுப்புகள் மாலை 6.15 முதல் 9.15 வரை. ஒவ்வொரு செமஸ்டரிலும் மூன்று வாரங்களுக்கு மட்டும் எனது இரண்டாம் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். இதற்கு என் பிரிவில் இருவர் சம்மதம் தெரிவித்துள்ளனர், சூப்பர்வைசரிடமும் பேசியுள்ளேன். தேர்வு நாட்களுக்கு எனக்கு உரிய விடுப்பையே பயன்படுத்திக்கொள்வேன். படிப்புச் செலவு முழுவதும் என்னுடையது. கல்லூரி கேட்கும் படிவத்தில் தடையின்மைச் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பதவி உயர்வு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "டிகிரி முடித்தாலும் பதவி உயர்வு கேட்க மாட்டேன்" என்று நீங்களாக எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அவர்கள் கேட்காத ஒன்றை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? படிப்பு முடிந்து இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன் என்ற ஒப்பந்தமும் அப்படித்தான். செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அதைப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. சொந்தக் காசில் படிப்பவரிடம் கேட்டால் நிதானமாக யோசித்து, யாரிடமாவது படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரியின் தகவல் கையேட்டில் என்ஓசிக்கென்று படிவம் இருந்தால் அதையே கடிதத்தோடு இணைத்துக் கொடுத்துவிடுங்கள். ஹெச்.ஆர். சொந்த வாசகத்தில் எழுதினால் ஜாக்கிரதை உணர்வில் கூடுதலாக ஒரு வரி சேர்ப்பார்கள். "நிறுவனத்தின் பணித் தேவைக்கு உட்பட்டு" என்பது சாதாரண வரி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். "எந்நேரமும் திரும்பப் பெறப்படலாம்" என்று வந்தால்தான் சிக்கல். மூன்றரை வருடப் படிப்புக்கு அப்படிப்பட்ட சான்றைக் கல்லூரி ஏற்கத் தயங்கலாம். ஏற்றுக்கொண்டாலும் அந்த வரி உங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டு, பணித் தேவை வரியை மட்டும் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

கையெழுத்தின் கீழே பெயர், பதவி, நிறுவன முத்திரை, தேதி நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உங்கள் பெயரும் இனிஷியலும் டிப்ளமோ சான்றிதழில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். ஆலையில் எல்லோரும் கூப்பிடும் பெயரை டைப் செய்து கொடுத்துவிடுவது ரொம்பச் சகஜம்.

ரொம்பப் பேருக்குக் குழப்பம் வருவது கான்ட்ராக்ட் வேலையில். பெரிய கம்பெனி கேட்டுக்குள்ளேதான் தினமும் போகிறீர்கள், ஆனால் சம்பளம் போடுவது ஒரு கான்ட்ராக்டர். யார் என்ஓசி தருவது? உங்கள் பி.எஃப். கணக்கில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். பெரிய கம்பெனி உங்களைத் தன் ஊழியர் என்று எழுதித் தராது. ஆனால் ஷிஃப்ட் போடுவது அவர்கள். அதனால் காகிதம் கான்ட்ராக்டரிடம், ஷிஃப்ட் பேச்சு ஆலை சூப்பர்வைசரிடம் என்று இரண்டு இடத்திலும் நிற்க வேண்டியிருக்கும். அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு, என்ஓசி மூன்றிலும் கான்ட்ராக்டர் பெயரே இருக்கட்டும். ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று வந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு அன்று மேஜைக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எதற்கு மறுக்கிறார்கள் என்று சூப்பர்வைசரிடம் தனியாகக் கேளுங்கள். ஷிஃப்ட்தான் காரணம் என்றால் மேலே போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டலாம். மூன்று வாரம் என்று கண்ணால் பார்த்தால் மனசு மாறுகிறவர்கள் உண்டு. தெரிந்த ஒரு சின்ன ஒர்க் ஷாப் லெட்டர்பேடில் பொய்யாக ஒரு என்ஓசி வாங்கும் வழியும் ஊரில் சொல்வார்கள். சம்பளச் சீட்டு ஒரு கம்பெனி, என்ஓசி இன்னொரு கம்பெனி என்று வந்து நிற்கும்போது அது எந்தக் கட்டத்திலும் வெளியே வரலாம், கடைசி செமஸ்டரிலும்கூட.

நடுவில் வேலை மாறுகிறவர்களுக்கு ஒன்று. பழைய கம்பெனியின் என்ஓசி புதிய முதலாளியைக் கட்டுப்படுத்தாது. புதிய இடத்தில் பேச்சு நடக்கும்போதே, ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு முன்பே, "நான் சாயங்காலம் படிக்கிறேன், இன்னும் இத்தனை செமஸ்டர் பாக்கி" என்று சொல்லி என்ஓசியையும் கேட்டுவிடுங்கள். அந்தச் சமயத்தில் அவர்களுக்கு நீங்கள் தேவை. சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் போனால், பழையபடி "பார்க்கலாம்ப்பா"தான்.