ஒரு பூஜ்யம் விடுபட்டால்

500 ரூபாயை ஒட்டி விற்கும் ஒரு பங்கு, நாளொன்றுக்கு 10 ரூபாய்க்குள் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இலவச சார்ட் ஒன்றில் ஒரு நாள் மட்டும் மெழுகுவர்த்தியின் அடிவால் 50 ரூபாய் வரை நீள்கிறது. அந்த விலையில் யாரும் விற்கவில்லை. தரவில் ஒரு பூஜ்யம் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைய உச்சம் 505 என்றால், வீச்சு 455 ரூபாய். வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட ஏடிஆர் என்ற குறியீடு, 14 நாள் கணக்கில், 10லிருந்து ஒரே நாளில் ஏறக்குறைய 42க்குத் தாவிவிடும். ஏடிஆரைப் போல இரு மடங்கு தள்ளி ஸ்டாப்லாஸ் வைப்பவருக்கு 20 ரூபாய் இடைவெளி 84 ஆகிவிடும்.

வைல்டரின் முறை பழைய மதிப்பில் 14இல் 13 பங்கை மறுநாளுக்குக் கடத்துவதால், பிழை சட்டென்று கழியாது. இன்னும் 14 வர்த்தக நாள் கழிந்தும் ஏடிஆர் 21ஐ ஒட்டியே நிற்கும். சாதாரண சராசரி என்றால் அதற்குள் பழைய 10க்கே திரும்பியிருக்கும்.

இதில் வேடிக்கை, முடிவு விலையை மட்டும் பார்க்கும் ஆர்எஸ்ஐ அசையவே அசையாது. ஏடிஆர் எகிறி ஆர்எஸ்ஐ சும்மா இருந்தால் உச்ச, தாழ்வு விலைகளைச் சந்தேகிக்கலாம். என்எஸ்இ தினமும் இலவசமாக வெளியிடும் பவ்காப்பியில் அன்றைய தாழ்வு விலையைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.