புது டீச்சருக்கு இரண்டு தாள்

கலந்தாய்வில் மாறுதல் கிடைத்துவிட்டால் அடுத்தடுத்த காரியங்கள் மளமளவென்று நடக்கும். விடுவிப்பு ஆணை கைக்கு வரும். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பாடநூல் வழங்கிய பட்டியல், பீரோ சாவி, கணித உபகரணப் பெட்டி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. டீச்சர் கிளம்பிவிடுவார், திங்கட்கிழமை அதே நாற்காலியில் வேறொருவர் வந்து உட்காருவார். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இடது காது சரியாகக் கேட்காது என்பதை அவருக்குச் சொல்ல ஆளிருக்காது.

அந்தப் பையனைப் பற்றித் தெரிந்தவர் போய்விட்டார். அவன் இனி ஒருமுறை "கவனமில்லாதவன்" என்று பெயர் வாங்கி, இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு, மறுபடியும் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் வகுப்பாசிரியர் எழுதிவைத்துப் போகும் ஒப்படைப்புக் குறிப்பு. பெரும்பாலும் இது எழுதப்படுவதில்லை. "நல்ல பிள்ளைங்க டீச்சர், ரெண்டு மூணு பேர்தான் கொஞ்சம் சேட்டை" என்று போனில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

எழுதினால் எப்படி இருக்கும்? திருப்பூருக்கு வெளியே ஓர் ஈராசிரியர் பள்ளியை வைத்துக்கொள்வோம். ஒரே அறையில் 1, 2, 3 வகுப்புகள், 22 பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி பிள்ளைகள் வகுப்பை வைத்தல்லாமல் படிக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாக உட்காருகிறார்கள். போகிற டீச்சருக்கு இது கைப்பழக்கம். வருகிறவருக்கு முதல் நாள் காலையில் 22 பிள்ளைகளும் ஒரே கூட்டமாகத்தான் தெரியும்.

ஆகவே முதல் தாளின் மேற்பாதி, வகுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு. காலை உணவு முடிந்து கைகழுவி வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். தண்ணீர்க்குடத்துக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் வாரம் இருவர் பொறுப்பு. சுவரில் உள்ள பட்டியலில் திங்கட்கிழமை பெயர் மாறும். டீச்சர் மூன்று முறை தாளம் தட்டினால் பிள்ளைகள் பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டு அமைதியாவார்கள். அரும்புக் குழுவுக்குப் பாடம் நடக்கும்போது மலர்க் குழு எழுத்துவேலை செய்யும். சந்தேகம் வந்தால் டீச்சரிடம் ஓடிவராமல் முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். சாயந்திரம் யார் யார் தனியாக நடந்து போவார்கள், யாரை எந்த ஆளிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் இதே பாதியில் வரும்.

இதில் எதை எழுத வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தான் மறுநாள் லீவு போட்டு, பக்கத்து அறை ஆசிரியர் இந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே குழம்புவார் என்று டீச்சர் நினைத்துப் பார்த்தால் போதும். அந்த இடங்களை எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. புதியவர் எல்லாவற்றையும் அப்படியே தொடர வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் பழைய தாளம் அப்படியே இருந்தால், ஆள் மாறிய கலக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

கடினமானது அடுத்த பகுதி, பிள்ளைகளைப் பற்றியது. இங்கேதான் நல்ல ஆசிரியர்களும் வழுக்குகிறார்கள். "படிப்பு சுமார்", "மந்தம்", "வீட்டில் கவனிப்பில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். புதியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் குறைவாக எதிர்பார்ப்பார், அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பு என்ன செய்யும் என்பதைச் சோதித்த பேர்பெற்ற ஆய்வு ஒன்று 1968-இல் வெளிவந்தது. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் கலிஃபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. ஆண்டு முடிவில் 1, 2 வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். மேல்வகுப்புகளில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வின் முறையைப் பலர் குறை சொன்னார்கள். அப்படியொரு விளைவு இருந்தாலும் அது பெரும்பாலும் சிறியது என்றே பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சிறியதானாலும், ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தெரிந்தது என்பதை ஒப்படைப்புக் குறிப்பு எழுதுகிறவர் மனத்தில் வைக்கத்தான் வேண்டும்.

முத்திரைக்குப் பதில் என்ன எழுதுவது? கண்ணால் பார்த்ததை, புதியவர் தானே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதுவது. நம் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடத்தைக் கடகடவென்று "படிக்கிறாள்". கேட்கிறவர் மலர்க் குழு என்றே முடிவுகட்டுவார். பழைய டீச்சருக்கு அது மனப்பாடம் என்று தெரியும். பத்தியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்தால் நின்றுவிடுவாள். கடைசி வரியிலிருந்து மேலே போகச் சொன்னால் திணறுவாள். அவளைப் பற்றிய குறிப்பு இப்படி இருக்கும்: "பார்க்காமலே பாடம் சொல்வாள். புதிய சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். கால் போட்ட எழுத்தும் புள்ளி வைத்த எழுத்தும் வந்துவிட்டன. ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தில் தடுமாறுகிறாள். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று படிப்பாள். மார்ச் மாதம் சொல்லட்டையில் பழக்கினேன், 'கொ', 'மொ' வந்தது. மற்றவை பாக்கி."

இந்த ஆறேழு வரியில் குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது, இதுவரை எது பலித்தது, வேலை எங்கே நிற்கிறது என்பதும் இருக்கிறது. மாதத்தைக் குறித்திருப்பதும் காரணத்தோடுதான். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கொஞ்சம் மறப்பார்கள். மார்ச்சில் வந்தது ஜூனில் வராமல் போனால் புதியவர் கலங்க வேண்டாம். அட்டையை மறுபடி எடுத்தால் போதும்.

கணக்கிலும் அப்படியே. "கழித்தல் வராது" என்று எழுதினால் முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். "42-இல் 17 போக 35 என்று எழுதுவான்" என்று எழுதினால், அவன் ஒன்றின் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுகிறான், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போடுகிறான் என்பது படித்தவுடன் விளங்கும். "பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துச் செய்தால் 25 என்று சரியாகச் சொல்வான்" என்று இன்னொரு வரி சேர்ந்தால், எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது.

காது கேட்காத பையனுக்கு வருவோம். அவனை முன்வரிசையில், கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது அறையின் இடது ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் கேட்கும் வலது காது வகுப்பின் பக்கம் இருக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் அவனுக்குப் புரியாது. ஏதாவது செய்யச் சொன்னால் முதலில் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். அதுவே சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு அடையாளம். அவன் பார்வையை வைத்தே டீச்சர் அதைக் கண்டுபிடித்திருந்தார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லியாயிற்றா, காதைப் பரிசோதித்தார்களா, சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் எழுத வேண்டும். இல்லையென்றால் பாதியில் நிற்கும் வேலை பாதியிலேயே நின்றுவிடும்.

பீகாரிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமிக்கு இரண்டே வரிதான். தோழிகளிடம் தமிழ் தாராளமாகப் பேசுவாள், பெரியவர்களிடம் வாய் திறக்கமாட்டாள். அதனால் தமிழ் தெரியாதவள் என்று எண்ண வேண்டாம். கழிப்பறைக்குப் போகக் கேட்கமாட்டாள், இடைவேளையில் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

வலிப்பு வரும் பிள்ளை இருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேலே, தனிக் கட்டம் போட்டு இருக்க வேண்டும். வந்தால் சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கவே கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ஓடிவரும் ஆயாவும் பெரிய பிள்ளைகளும் சாவியைத் தேடுவார்கள் என்பதால் இதை அவர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லது. மாத்திரையின் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதாமல், பெற்றோரின் சம்மதத்தோடு மருத்துவர் சீட்டின் நகலை இணைக்க வேண்டும். மாத்திரை தவறிய நாள்களில் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். காலையில் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியும் வேண்டும்.

சிலவற்றை எழுதவே கூடாது. சாதி அதில் முதலாவது. வருகைப் பதிவேட்டிலேயே மாணவரின் சாதி விவரம் இருக்கக்கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. அப்படியிருக்க ஒப்படைப்புக் குறிப்பில் அதற்கென்ன வேலை? குடும்பச் சண்டை, அப்பாவின் குடி எல்லாம் பிள்ளைக்கு வகுப்பில் என்ன தேவை என்ற அளவோடு நிற்க வேண்டும். "திங்கட்கிழமை தூக்கக் கலக்கமாக வருவான், முதல் பாடவேளையில் விட்டுப்பிடியுங்கள்" என்றால் போதும். பாலியல் தொந்தரவு பற்றிய சந்தேகமோ, குறிப்பில் எழுதி அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுப் போகிற சங்கதியே அல்ல. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் அப்போதே காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் உதவி கேட்கலாம்.

22 பேருக்கும் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலோருக்குக் குழுவின் பெயரும், நின்றிருக்கும் பாடமும் போதும். ஐந்தாறு பேருக்குத்தான் வரிகள் நீளும். ஆனால் சத்தமே போடாத பிள்ளையை விட்டுவிடக் கூடாது. நினைவிலிருந்து எழுதினால் சேட்டைக்காரர்களும் கெட்டிக்காரர்களும்தான் முன்னால் வருவார்கள். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராகப் போனால் யாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை என்பது தெரியும். அந்தப் பெயர்களைப் புதியவர் முதல் வாரத்தில் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று குறித்துவிடலாம்.

வருகிறவர் யாரென்றே தெரியாமல் கிளம்ப நேர்ந்தால், குறிப்பைத் தலைமையாசிரியரின் பூட்டிய பீரோவில் வைத்துவிட்டு, உடல்நலக் கட்டத்தை மட்டும் பக்கத்து அறை ஆசிரியருக்கு நேரில் வாசித்துக் காட்டிவிட வேண்டும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. புதியவர் பொறுப்பேற்ற மூன்றாவது வாரம் பழையவரோடு கால் மணி நேரம் போனில் பேசினால் நிறையத் தெளியும். அதற்குள் அவரும் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பார்த்திருப்பார். குறிப்பில் எது இன்னும் அப்படியே இருக்கிறது, எது மாறிவிட்டது என்று அவரால் சொல்ல முடியும். சரியாகிவிட்ட வரிகளை அடித்துவிட்டு, தான் கண்டதைத் தேதியோடு அதன் கீழேயே எழுதிக்கொண்டு போகலாம்.