தேதி தள்ளிப்போனால் தவணையும் நகர வேண்டும்

ஒரு அலுவலகத்துக்கு இன்டீரியர் வேலை. ஜூன் 1-ல் தொடக்கம், செப்டம்பர் 30-ல் ஒப்படைப்பு. மொத்தம் 12 லட்சம், ஜி.எஸ்.டி. தனி. முன்பணம் 2.4 லட்சம் வந்துவிட்டது. ஜூலை 1-ல் 3.6, ஆகஸ்ட் 1-ல் 3.6, முடியும்போது 2.4 என்று மீதித் தவணைகள். ஆனால் கட்டடச் சாவி ஜூலை 15-ல்தான் கிடைக்கும் என்கிறார் வாடிக்கையாளர். கான்ட்ராக்டர் இப்படி எழுதி வைத்திருக்கிறார்:

“சார், வேலை லேட் ஆனதால பேமென்ட்டைக் கொஞ்சம் மாத்தணும். எங்களுக்கும் செலவு இருக்கு. பார்த்துச் சொல்லுங்க.”

படிப்பவர், விலையை ஏற்றப் போகிறார் என்றே நினைப்பார். ‘பார்த்துச் சொல்லுங்க’ என்பதற்கு என்ன பதில் சொல்வது என்றும் அவருக்குத் தெரியாது. எது மாறவில்லை என்பதை முதலில் சொன்னால் பாதி சந்தேகம் தீரும். திருத்தி எழுதினால்:

“வணக்கம் சார். நீங்கள் சொன்னபடி ஜூலை 15-ல் சாவி கிடைத்ததும் வேலையைத் தொடங்குகிறோம். மொத்தத் தொகை அதே 12 லட்சம்தான். மீதித் தவணைகளைத் தேதிக்குப் பதிலாக வேலையோடு இணைத்துக்கொள்ளலாமா? ப்ளைவுட், லேமினேட் சைட்டில் இறங்கியதும் 3.6 லட்சம். பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங் முடிந்ததும் 3.6. வேலை முடிந்ததாக நாங்கள் தெரிவித்த ஏழு நாளில் 2.4. நவம்பர் 14-க்குள் முடித்துத் தருவோம். சாவி இன்னும் தாமதமானால் இந்தத் தேதியும் அத்தனை நாள் தள்ளும். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.”

தேதிகளை ஒன்றரை மாதம் தள்ளினால் போதாதா? சாவி மறுபடி தாமதமானால் மறுபடியும் இதே கடிதம் எழுத வேண்டும். வேலையோடு இணைத்த தவணை தானாக நகரும். ஆனால் அந்தக் கட்டம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பாதி வேலை முடிந்ததும்’ என்று எழுதினால் எது பாதி என்று சண்டை வரும். கடைசித் தவணையை ‘குடியேறும்போது’ என்று வைத்தால், அவர் குடியேறும்வரை பணம் அவர் கையில்தான்.

வரிக் கணக்கும் இதில் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து, தவணையில் பணம் பெறும் சேவை ஒப்பந்தத்தில், பணம் தர வேண்டிய தேதி குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தத் தேதிக்குள் இன்வாய்ஸ் போட வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். பழைய அட்டவணையை மாற்றாமல் விட்டால், தொடங்காத வேலைக்கு ஜூலை 1-ல் இன்வாய்ஸ் போட வேண்டியிருக்கும். பணம் வராவிட்டாலும் 18 சதவீதமான 64,800 ரூபாயை, மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர் ஆகஸ்ட் 20-க்குள் கட்ட வேண்டும். ஆகவே சம்மதம் ஜூலை 1-க்கு முன்பே எழுத்தில் கைக்கு வர வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தத்தைத் திருத்தலாம் என்று அதில் விதி இருந்தால், வாட்ஸ்அப்பில் வரும் ‘ஓகே’ போதாது. இதே வாசகங்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.