கொடிமலைக்கு எத்தனை ஏற்றம்?

பத்து காவான் தோட்டப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேடு பள்ளம் என்றால் வரப்பும் வாய்க்காலும்தான். 1:50,000 அளவுள்ள வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஊரின் பெரும்பகுதியில் சம உயரக் கோடே இருக்காது. அந்தப் படத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடுதான் போடுவார்கள். அதைவிடத் தாழ்ந்த நிலத்தில் கோடு விழ வழியில்லை. கோடு இல்லையென்றால் உயரமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 20 மீட்டரைத் தொடவில்லை என்பதே பொருள்.

கரையில் நின்று நீரிணைக்கு அப்பால் பாருங்கள். அதோ பினாங்குத் தீவின் மலைகள்! அங்கே கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு. எவ்வளவு செங்குத்து என்று எண்ணில் சொல்வதைத்தான் தேர்வுத் தாளில் ‘கெச்செருனான்’ என்று கேட்கிறார்கள். உயர வேறுபாட்டைக் கிடைத் தூரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

1923-இல் ஓடத் தொடங்கிய கொடிமலை ரயிலையே கணக்காகப் போடுவோமே. (2011-க்கு முன் போனவர்களுக்கு நடுவழியில் வண்டி மாறியது நினைவிருக்கும்.) பாதையின் நீளம் ஏறத்தாழ 2,000 மீட்டர், ஏறும் உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். உடனே 2,000-ஐ 700-ஆல் வகுத்து 1:2.9 என்று எழுதத் தோன்றும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 2,000 மீட்டர் என்பது சரிவின்மேல் படுத்திருக்கும் தண்டவாளத்தின் நீளம். வரைபடமோ மலையை நேர் மேலிருந்து பார்த்தபடி வரைந்தது. அடிவாரத்துக்கும் உச்சி நிலையத்துக்கும் இடையே அளவுகோலை வைத்தால் 4 சென்டிமீட்டர் வராது, சுமார் 3.7 சென்டிமீட்டர்தான் வரும். ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் வீதம் 1,850 மீட்டர். அதை 700-ஆல் வகுத்தால் 2.6. விடை 1:2.6. இது சராசரி, வழியில் சில இடங்கள் இதைவிடச் செங்குத்து.

உயரத்தைக் கோடுகளை எண்ணிக் கண்டுபிடிக்கும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. 20 மீட்டர் கோட்டிலிருந்து 120 மீட்டர் கோடு வரை ஆறு கோடுகள், ஆனால் இடைவெளி ஐந்துதான். வேலிக்கம்பங்களை எண்ணாதீர்கள், கம்பங்களுக்கு நடுவிலுள்ள இடங்களை எண்ணுங்கள். ஆறு என்று பெருக்கினால் 100 மீட்டர் ஏற்றம் 120 ஆகிவிடும்.

அலகு மாறினால் என்ன ஆகும்? தூரத்தை 1.85 கிலோமீட்டர் என்றும் உயரத்தை 700 மீட்டர் என்றும் வைத்து வகுத்தால் 1:0.0026 வரும். ஒரு மீட்டர் ஏற மூன்று மில்லிமீட்டர்கூட முன்னால் போகவேண்டாம் என்று அர்த்தம். அது மலையல்ல, சுவர்! அப்படியொரு விடை வந்தால் பேனாவை வைத்துவிட்டு, இரண்டையும் மீட்டருக்கு மாற்றி மறுபடி போடுங்கள்.