38 பேர் இன்வைட்டை 12 ஆக்குவது எப்படி?

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. செக்ரட்டரி கூகுள் காலண்டர்ல போன மீட்டிங்கை அப்படியே டூப்ளிகேட் பண்ணி, தேதியை மட்டும் மாத்தி, எல்லாருக்கும் அனுப்புறார். கெஸ்ட் லிஸ்ட்ல 38 பேர். பாதிப் பேர் பதிலே போடல, நாலு பேர் "சார், அந்த டைம் லேப் இருக்கு"ங்கிறாங்க, மீட்டிங் ரெண்டு தடவை தள்ளிப் போகுது. கடைசியில நடக்கும்போது வந்தவங்க பத்தொன்பது பேர். முடிவெடுக்க வேண்டிய ஸ்டேஜ்-சவுண்ட் லீட் மட்டும் வரல.

இது கற்பனைக் காட்சிதான், ஆனா எந்தக் காலேஜ்ல படிச்சாலும் அடையாளம் தெரியும். இந்த ஒரு மீட்டிங்கை எடுத்துக்கிட்டு, லிஸ்ட்டை எப்படிக் குறைக்கிறது, மிச்சம் இருக்கறவங்கள்ல யாரை "கட்டாயம்", யாரை "ஆப்ஷனல்"னு குறிக்கிறதுன்னு பார்ப்போம்.

முதல்ல, காலண்டர் உள்ளுக்குள்ள என்ன நினைக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். கூகுள், அவுட்லுக், ஆப்பிள் எல்லாமே அழைப்பைப் பரிமாறிக்க ஐகேலண்டர்ங்கிற ஃபார்மட்டைத்தான் பயன்படுத்துது. 2009-ல வந்த RFC 5545-ல அதோட விதிகள் இருக்கு. மெயில்ல வர்ற `.ics` ஃபைலை நோட்பேட்ல திறந்தா இப்படி வரிகள் தெரியும்:

```
ATTENDEE;ROLE=REQ-PARTICIPANT;RSVP=TRUE:mailto:stage@example.com
ATTENDEE;ROLE=OPT-PARTICIPANT;RSVP=TRUE:mailto:quiz@example.com
```

முதல் ஆள் கட்டாயம், ரெண்டாவது ஆள் ஆப்ஷனல். இதுல கவனிக்க வேண்டியது, `ROLE` எழுதாம விட்டா அது `REQ-PARTICIPANT`னுதான் எடுத்துக்கப்படும். அதாவது நீங்க எதுவும் சொல்லலைன்னா, அந்த 38 பேரும் இல்லாம மீட்டிங் நடக்காதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. க்ளாஸ் ரெப்பும் கட்டாயம், போன வருஷ சீனியரும் கட்டாயம். எல்லாரும் கட்டாயம்னா, உண்மையிலேயே கட்டாயமான ஆளுக்கு அது தன்னைத்தான் சொல்லுதுன்னு தெரியவே தெரியாது. நம்ம ஸ்டேஜ் லீட் வராததுக்கு முக்கியக் காரணம் அதுதான். "இவ்ளோ பேர் இருக்காங்களே, நான் ஒருத்தன் இல்லன்னா என்ன?"

இன்னொரு காரணம் வெறும் ப்ராபபிலிட்டி. ஒரு குறிப்பிட்ட நேரத்துல ஒருத்தர் ஃப்ரீயா இருக்க வாய்ப்பு 0.8-ன்னு வைங்க. ஏழு பேரும் ஒரே நேரத்துல ஃப்ரீயா இருக்க வாய்ப்பு 0.8-ஐ ஏழு முறை பெருக்கினா வர்ற 0.21. அஞ்சு ஸ்லாட் பார்த்தா ஒண்ணு கிடைச்சிடும். 38 பேருக்கு அதே கணக்கைப் போட்டா 0.0002 வருது. ஒரே க்ளாஸ் பசங்களுக்கு டைம்டேபிள் ஒண்ணுங்கறதால நிஜத்துல இவ்வளவு மோசமா இருக்காது, இந்தக் கணக்கு அவங்களைத் தனித்தனியா எடுத்துக்குது. ஆனா மூணு வருஷப் பசங்க, ஃபேகல்ட்டி எல்லாரும் கலந்த லிஸ்ட்ல நிலைமை கிட்டத்தட்ட இதுதான்.

சரி, வெட்டுறது எப்படி? பேரைப் பார்த்து ஆரம்பிச்சா ஒருத்தரையும் எடுக்க மனசு வராது. அதனால முதல்ல மீட்டிங்கோட வேலையை ஒரே வாக்கியமா எழுதுங்க. "சிம்போசியம் டிஸ்கஷன்"னு எழுதினா 38 பேரும் உள்ளே வந்துடுவாங்க. இங்க உண்மையான வேலை இது: "அஞ்சு ஈவென்ட்டுக்கும் ஹாலும் நேரமும் முடிவு பண்ணி, ஹால் பெர்மிஷன் லெட்டர்ல போட வேண்டிய அட்டவணையை முடிக்கணும்." இதை எழுதின பிறகு ஒவ்வொரு பேருக்கும் ஒரே கேள்விதான்: இவர் வரலைன்னா மீட்டிங்கைத் தள்ளி வைப்போமா? ஆமான்னா கட்டாயம். தள்ளி வைக்க மாட்டோம், ஆனா வந்தா முடிவு மாற வாய்ப்பிருக்குன்னா ஆப்ஷனல். முடிவு தெரிஞ்சா போதும்னா லிஸ்ட்லயே வேண்டாம், அட்டவணையை அனுப்பினா போதும்.

இப்ப அந்த 38 பேர் யார் யார்னு பார்ப்போம். எச்ஓடி, ஃபேகல்ட்டி கோஆர்டினேட்டர், செக்ரட்டரி, ஜாயின்ட் செக்ரட்டரின்னு நாலு பேர். அஞ்சு ஈவென்ட்டுக்கும் ஒரு லீட், ஒரு கோ-லீட், ஆக பத்து. ஸ்பான்சர்ஷிப் மூணு, சாப்பாடு நாலு, ஸ்டேஜ்-சவுண்ட் மூணு, டிசைன் மூணு, வெப்சைட் மூணு. போன வருஷ கோஆர்டினேட்டர்ஸ் ரெண்டு, க்ளாஸ் ரெப் ஆறு.

கட்டாயம் யார்? லெட்டர்ல கையெழுத்துப் போடறது ஃபேகல்ட்டி கோஆர்டினேட்டர், அதனால அவர். மீட்டிங்கை நடத்தற செக்ரட்டரி. மோதல் எங்க இருக்குன்னு பார்த்தா, கோடிங் கான்டெஸ்ட்டும் வொர்க்‌ஷாப்பும் ஒரே லேபைக் கேக்குது, பேப்பர் பிரசன்டேஷனும் ப்ராஜெக்ட் எக்ஸ்போவும் ஒரே செமினார் ஹாலைக் கேக்குது. அந்த நாலு லீட் கட்டாயம். ஒரே செட் மைக்கை ரெண்டு இடத்துக்கு எப்படி மாத்தறதுன்னு சொல்ல ஸ்டேஜ் லீட் ஒருத்தர். மொத்தம் ஏழு.

க்விஸ் லீட்? க்விஸுக்கு ப்ரொஜெக்டர் இருக்கற எந்த க்ளாஸ்ரூமும் போதும், யாரோடயும் மோதல் இல்ல. அவர் ஆப்ஷனல். அவருக்கும் மத்த நாலு லீட் மாதிரியே பதவிதானேன்னு தோணும். ஆனா இங்க பார்க்கறது பதவியை இல்ல, இந்த ஒரு முடிவுக்கு அவர் தேவையான்னுதான். அடுத்த வாரம் ப்ரிலிம்ஸ் பத்தின மீட்டிங்ல அவர் கட்டாயமா இருக்கலாம். இதே மாதிரி லஞ்ச் நேரம் கேக்கற சாப்பாட்டு டீம் லீட், ரெஜிஸ்ட்ரேஷன் பேஜ்ல நேரம் போடற வெப்சைட் லீட், செமினார் ஹால்ல எந்த ப்ளக் பாயின்ட் வேலை செய்யாதுன்னு தெரிஞ்ச போன வருஷ கோஆர்டினேட்டர் ஒருத்தர், ஜாயின்ட் செக்ரட்டரி. ஆப்ஷனல் அஞ்சு பேர். ஆக மொத்தம் 12. மிச்சம் 26 பேருக்கு மீட்டிங் இல்ல, அட்டவணை மட்டும் போகும்.

அந்த 26-ல எச்ஓடி இருக்கறது கொஞ்சம் உறுத்தும். "மேடத்தை எப்படிடா லிஸ்ட்லேர்ந்து எடுக்கறது?" பல பேர் இதுக்கு நடுவழியா அவங்களை ஆப்ஷனல்னு போடுவாங்க. என் கருத்துல அது எடுக்கறதை விட மோசம், ஏன்னா லிஸ்ட்ல அவங்க பேருக்குக் கீழ "Optional"னு எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கு வேண்டியது முடிஞ்ச அட்டவணை. ஃபேகல்ட்டி கோஆர்டினேட்டர் அதை எடுத்துட்டுப் போய் அப்ரூவல் வாங்கறதுதான் முறை. முன்கூட்டியே அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இப்ப ஸ்க்ரீன்ல. கூகுள் காலண்டரை பிரவுசர்ல திறந்து ஈவென்ட்டை எடிட் பண்ணினா, கெஸ்ட் பேர் மேல மவுஸ் வெச்சதும் பக்கத்துல ஒரு ஆள் உருவம் வரும். அதுதான் `Mark optional`. பக்கத்துல இருக்கற பெருக்கல் குறி ஆளை எடுக்கறதுக்கு. அவுட்லுக்ல `Required`, `Optional`னு ரெண்டு தனி வரியே இருக்கும்.

லிஸ்ட்ல தனிப் பேருக்குப் பதிலா ஒரு க்ரூப் மெயில் ஐடி இருந்தா, இந்த வேலை எதுவும் நடக்காது. முப்பது பேர் ஒரே வரியில ஒளிஞ்சிருக்காங்க, அதுல ஒருத்தரை மட்டும் ஆப்ஷனல் ஆக்க முடியாது. அவுட்லுக்ல க்ரூப் பேர் பக்கத்துல இருக்கற ப்ளஸ்ஸை அழுத்தினா தனித்தனிப் பேரா விரியும், திரும்பச் சுருக்க முடியாது. எளிய வழி, க்ரூப் ஐடியை எடுத்துட்டு 12 பேரைக் கையால டைப் பண்றது. அப்படியே `Guest permissions`ல `Invite others` டிக்கையும் எடுத்துடுங்க. அது வழக்கமா ஆன்லதான் இருக்கும். லிஸ்ட் வீங்கறதுக்கு அதுவும் ஒரு வழி, கோ-லீட் தன் ஃப்ரெண்டைச் சேர்ப்பான், அவன் இன்னொருத்தனை.

சேவ் பண்ணும்போதுதான் பெரிய குழப்பம் வரும். எடுத்த ஆளுக்கு அப்டேட் அனுப்பினா, அவருக்குப் போறது ரத்துன்னு சொல்ற மெயில். "உங்களை லிஸ்ட்லேர்ந்து எடுத்திருக்கோம்"னு அவர் அதைப் படிக்க மாட்டார், "மீட்டிங் கேன்சல்"னுதான் படிப்பார். அஞ்சு நிமிஷத்துல வாட்ஸ்அப் க்ரூப்ல "மீட்டிங் கேன்சலாம்பா"ன்னு வந்துடும், கட்டாயம் வர வேண்டிய ஏழு பேரும் அதைப் பார்ப்பாங்க. அனுப்பாம சேவ் பண்ணினா, சொல்லாம காலண்டர்லேர்ந்து காணாமப் போகும், அதுவும் மனஸ்தாபம். அதனால சேவ் பண்றதுக்கு முன்னாடி க்ரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க:

"புதன்கிழமை மீட்டிங் ஹால் அட்டவணைக்கு மட்டும். அதனால ஹால் மோதல் இருக்கற டீம் லீட்ஸ் மட்டும் வந்தா போதும். மத்தவங்களுக்கு காலண்டர்ல கேன்சல்னு மெயில் வரும், மீட்டிங் நடக்குது, உங்க ஒரு மணி நேரம்தான் கேன்சல். அன்னிக்கு நைட் 8 மணிக்குள்ள அட்டவணை இங்க வரும். அதுல இருக்கணும்னு ஏதாவது இருந்தா செவ்வாய்க்குள்ள எனக்குச் சொல்லுங்க."

ஆப்ஷனல் ஆளுங்களுக்கு இன்வைட்டோட டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி வேணும். வெறும் "Optional"னு பார்த்தா பாதிப் பேர் "நான் வேண்டாம்னு சொல்றாங்க"ன்னும், மீதிப் பேர் "வந்தா நல்லதுன்னு மரியாதைக்குச் சொல்றாங்க"ன்னும் எடுத்துப்பாங்க. "சாப்பாட்டு டீம்: லஞ்ச் 12.45-க்கா 1.15-க்காங்கறதுல கருத்து இருந்தா வாங்க, இல்லன்னா எனக்கு மெசேஜ் போதும்" அளவுக்கு எழுதினா அவரே முடிவு பண்ணிக்குவார்.

ஸ்டூடன்ட்ஸ் விஷயத்துல ஒரு குறை இருக்கு. எல்லார் நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டற வசதி, அவங்க காலண்டர்ல க்ளாஸ் நேரம் ஏறியிருந்தாதான் உதவும். நம்மள்ல நிறைய பேரோட காலண்டர் காலி, அதனால திங்கள் காலை 10 மணிக்கு எல்லாருமே ஃப்ரீன்னு காட்டும். ஏழு பேர்தானே, டைம்டேபிளைப் பார்த்தோ ஃபோன் பண்ணியோ கேட்டுடலாம். 38 பேருக்கு அது முடியாது.

குறிச்சது சரியான்னு மீட்டிங்குக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். ஸ்டேஜ் லீட் "வர முடியாது"ன்னு டிக்ளைன் பண்றார்னு வைங்க. நீங்க நேரத்தை மாத்தறீங்க, இல்ல அவர் டீம்லேர்ந்து மைக் விஷயம் தெரிஞ்ச இன்னொருத்தரைக் கட்டாயமாப் போடறீங்கன்னா சரி. "பரவால்ல, பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு நடத்தறீங்கன்னா அவர் முதல்லயே ஆப்ஷனல்தான். இதுக்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். சாப்பாட்டு டீம் லீட் வரல, அடுத்த நாள் "கேட்டரர் 1.15-க்கு ஒத்துக்க மாட்டார்"னு சொல்லி மொத்த அட்டவணையும் திரும்பத் திறக்குதுன்னா, அவரைக் கட்டாயமாப் போட்டிருக்கணும். இது வாராவாரம் நடக்கற மீட்டிங்கா இருந்தா, அடுத்த தடவை அவரை மாத்தி சேவ் பண்ணும்போது `This event`ஆ `This and following events`ஆன்னு கேக்கும். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அவர் தேவைன்னா முதல் ஆப்ஷன்தான்.